பிரிவுக்குப் பிறகு படிக்க, யாரையும் திட்டாத புத்தகம் எது?

எட்டாம்கட்டை
வணக்கம். வயது 41, அம்பாறைப் பக்கம் ஒரு நெல் ஆலையில் கணக்கு எழுதுகிறேன். மணமாகி பன்னிரண்டு ஆண்டுகள், ஒன்பது வயதில் ஒரு மகள். பதினான்கு மாதங்களுக்கு முன்பு இரண்டு பைகளோடு திருக்கோவிலில் இருந்து கிளம்பிக் கல்லடியில் தங்கையின் வீட்டுக்கு வந்துவிட்டேன். அது மனைவியின் வீடு, அவளுக்குச் சீதனமாகக் கொடுத்தது. நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கட்டிக்கொண்டு போனவன் பெண் வீட்டில் இருப்பான், ஒத்துவராவிட்டால் அவன்தான் படலையைச் சாத்திவிட்டு வர வேண்டும்.

சென்ற மாதம் அழைப்பாணை வந்தது. நான் அவளைத் தீய நோக்கத்துடன் கைவிட்டுச் சென்றேன் என்று அதில் எழுதியிருக்கிறது. விவாகரத்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முடிந்துவிட்டது என்பது இருவருக்கும் தெரியும். ஆனால் அந்த ஒரு வரியைப் படித்த நாளிலிருந்து என் தலைக்குள் வேறு எதற்கும் இடமில்லை. ஆலையில் மூட்டைக் கணக்குப் போடும்போதுகூட மனத்துக்குள் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கொழும்பில் இருக்கும் நண்பர் ஒருவர், புரூஸ் ஃபிஷர் எழுதிய ‘ரீபில்டிங்’ என்ற ஆங்கிலப் புத்தகத்தை என் கைபேசியில் ஏற்றித் தந்தார். அகராதியோடு பாதி வரை வந்திருக்கிறேன். அதில் விட்டவர், விடப்பட்டவர் என்று இருவரைப் பிரித்துப் பேசும் இடத்தில் நின்றுவிட்டேன். நான் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. இதைப் படித்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். வேறு நல்ல புத்தகம் இருந்தாலும் சொல்லுங்கள். அவளைத் திட்ட எனக்கு உதவும் புத்தகம் வேண்டாம். அந்த வேலையை என் சொந்தக்காரர்கள் இலவசமாகவே செய்கிறார்கள்.

தம்பிலுவில் மாமா
தம்பி, எதற்கு அவசரப்படுகிறீர்கள்? பதினான்கு மாதம் ஒரு பெரிய காலமா? எங்கள் காலத்தில் மூன்று வருடம் முகம் பார்க்காமல் இருந்துவிட்டுச் சேர்ந்தவர்கள் உண்டு. இரண்டு பக்கத்துப் பெரியவர்களையும் கோயில் மண்டபத்தில் உட்கார வைத்துப் பேசினால் தீராத சண்டை எது? பெண் பிள்ளை இருக்கிறது. சேர்ந்து வாழ வழி சொல்லும் புத்தகமாகப் பாருங்கள்.

எட்டாம்கட்டை
மாமா, பெரியவர்கள் இரண்டு தரம் உட்கார்ந்தார்கள். இரண்டாவது தரம் என் அத்தானும் அவளுடைய பெரியப்பாவும் பேசிய பேச்சைத் தீர்க்க மூன்றாவது கூட்டம் தேவைப்பட்டது. நான் கேட்டது சேர்வதற்கு அல்ல.

கடலோரக் கணக்கு
அண்ணன், புத்தகமே வேண்டாம். ஒரு கொப்பி வாங்கி எழுதுங்கள். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை ஆராய்ந்திருக்கிறார். நாளுக்கு இருபது நிமிடம், மூன்று நான்கு நாள், மனத்தில் இருப்பதை எழுத்துப்பிழை பார்க்காமல் கொட்ட வேண்டும். மன உளைச்சல் குறையும், உடம்புக்கும் நல்லது என்று கண்டிருக்கிறார்கள். நான் படிப்பை விட்ட காலத்தில் இதைச் செய்தேன், வேலை செய்தது. பிரிவுக்கும் இதுதான் மருந்து. எவ்வளவு ஆழமாகத் தோண்டி எழுதுகிறீர்களோ அவ்வளவு சீக்கிரம் வெளியே வருவீர்கள்.

இன்னொன்று, வழக்கைப் பற்றிக் கவலை வேண்டாம். இரண்டு ஆண்டு பிரிந்து இருந்தாலே விவாகரத்து கிடைத்துவிடும். இன்னும் பத்து மாதம்தான்.

பேனாக்கட்டை
கடைசிப் பந்தியை மட்டும் திருத்துகிறேன், பிறகு புத்தகக்காரர்களுக்கு இடம் விடுகிறேன். கல்முனையில் ஒரு சட்டத்தரணியிடம் இருபது வருடமாக எழுதுவினைஞராக இருக்கிறேன். இந்த “இரண்டு ஆண்டு” கதையை மாதம் ஒருவராவது வந்து சொல்வார்.

நீதிமன்றம் முதலில் பிரிந்து வாழும் தீர்ப்பாணை ஒன்று கொடுத்து, அதன் பிறகு இரண்டு ஆண்டு கழிந்தால்தான் அந்தக் கணக்கு. சும்மா வேறு வேறு வீட்டில் இருந்தால் ஏழு ஆண்டு. அதிலும் ஒருவருடைய குற்றத்தை நிரூபிக்க வேண்டுமா வேண்டாமா என்று மேல் நீதிமன்றத் தீர்ப்புகளே ஒரே குரலில் பேசவில்லை.

நம் பொதுச் சட்டத்தில், அதாவது 1907ஆம் ஆண்டின் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தில், விவாகரத்துக்குக் காரணம் மூன்றுதான். பிறன்மனை உறவு, தீய நோக்கத்துடன் கைவிட்டுச் செல்லுதல், திருமண வேளையிலேயே இருந்த தீராத ஆண்மைக் குறைவு அல்லது அதுபோன்ற இயலாமை. “எங்கள் இருவருக்கும் ஒத்துவரவில்லை, மரியாதையாகப் பிரிகிறோம்” என்பது காரணம் அல்ல. கண்டியச் சட்டத்தில் இருவர் சம்மதத்துக்கு இடம் உண்டு, நமக்கு இல்லை. ஆகவே சண்டையே போடாத இருவர் வந்தாலும் யாராவது ஒருவரைக் குற்றவாளியாக்கித்தான் முறைப்பாடு எழுத வேண்டும். முதல் இரண்டு காரணங்களில் எது குறைந்த அவமானமோ அதைத்தான் எவரும் எடுப்பார்கள். தம்பி, அந்த வரியை உங்கள் மனைவி எழுதியிருக்க மாட்டார். என்னைப் போன்ற ஒருவர் பழைய கோப்பைப் பார்த்துத் தட்டச்சு செய்திருப்பார். நானே நூற்றுக்கணக்கில் செய்திருக்கிறேன்.

எட்டாம்கட்டை
ஐயா, இதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. நன்றி. ஆனாலும் கையெழுத்து அவளுடையது.

பேனாக்கட்டை
ஆம். கையெழுத்து அவருடையதுதான். அதை நான் மறுக்க முடியாது.

பூவரசு
அக்கரைப்பற்றிலிருந்து எழுதுகிறேன். பிரதேச செயலகங்களில் உளவளத்துணைப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவள். ஃபிஷரின் புத்தகத்தை மூன்று குழுக்களோடு சேர்ந்து படித்திருக்கிறேன், அத்தியாயம் அத்தியாயமாகத் தமிழில் சொல்லிச் சொல்லி. நீங்கள் நின்ற இடத்தில்தான் நம் ஊர் ஆட்கள் எல்லோரும் நிற்கிறார்கள். அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் புத்தகத்தின் அமைப்பு. 1981இல் வந்தது, பிறகு ராபர்ட் ஆல்பர்ட்டி சேர்ந்து திருத்திய பதிப்புகள் வந்தன. பிரிந்தவர்களுக்காக ஃபிஷர் நடத்திய பத்து வார வகுப்பிலிருந்து வளர்ந்த புத்தகம் அது. ஒரு மலையேற்றம் போல, பத்தொன்பது கற்களாக மீட்சியை அடுக்குகிறார். மறுப்பு, பயம் என்று தொடங்கி, தனிமை, குற்ற உணர்வு, துக்கம், கோபம், விட்டுவிடுதல் என்று போய், முடிவில் சுதந்திரம். வலி மிகுந்த கீழ்ப்பகுதியைத் தாண்டவே பலருக்கு ஓராண்டு அளவில் ஆகும் என்கிறார். பதினான்கு மாதத்தில் உங்கள் தலை முழுவதும் ஒரு வரி நிற்கிறது என்றால் நீங்கள் பின்தங்கியவர் அல்ல. அழைப்பாணை உங்களை மீண்டும் கோபத்தின் கல்லில் உட்கார வைத்திருக்கிறது. அந்தப் படிகளில் ஏறியவர் இறங்குவார், மறுபடி ஏறுவார். வரிசையாக ஏற வேண்டிய ஏணி என்று நினைத்துப் படித்தால் புத்தகமே ஒரு பரீட்சை ஆகிவிடும்.

இப்போது விட்டவர், விடப்பட்டவர். ஃபிஷர் இதை எதற்காகப் பிரிக்கிறார் என்று பாருங்கள். யார் தப்பு என்று கண்டுபிடிக்க அல்ல. விட்டவர் திருமணத்துக்குள் இருக்கும்போதே துக்கப்படத் தொடங்கிவிடுகிறார். விடப்பட்டவருக்குச் செய்தி வந்த நாளில்தான் துக்கம் தொடங்குகிறது. ஒருவர் அழுது முடித்த இடத்தில் மற்றவர் அழத் தொடங்குகிறார். “அவள் எப்படி இவ்வளவு நிம்மதியாக இருக்கிறாள்?” என்ற கேள்வி அந்த இடைவெளியில் பிறக்கிறது. விட்டவருக்குக் குற்ற உணர்வு பெரிது, விடப்பட்டவருக்குத் தள்ளப்பட்ட உணர்வு பெரிது. மருந்து வேறு வேறு என்பதால்தான் பெயர் வேறு வேறு.

அமெரிக்காவில் இதைப் படிப்பவர் பெரும்பாலும் குழம்புவதில்லை. முடிவெடுத்தவர் யார் என்று பார்த்துக்கொள்கிறார். நமக்கு வீடு குறுக்கே வருகிறது. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் வீடும் வளவும் தாய் வழியாக மகளுக்குப் போகிறது. ஆகவே முடிவை யார் எடுத்தாலும், தப்பு யார் மேல் இருந்தாலும், பையைத் தூக்குபவர் ஆண்தான். பையைத் தூக்கியவரை ஊர் “விட்டுவிட்டுப் போனவன்” என்கிறது. அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டு நீங்கள் புத்தகத்துக்குள் போனால் தவறான அத்தியாயத்தைத்தான் படிப்பீர்கள்.

மூன்று கேள்விகளைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டை விட்டு யார் வெளியேறினார்? திருமணம் முடிந்தது என்று முதலில் மனத்தில் முடிவு செய்தவர் யார்? யார் யாருக்கு என்ன தீங்கு செய்தார்? ஃபிஷர் கேட்பது இரண்டாவதை மட்டும். உங்கள் கதையில் இரண்டாவதுக்கு விடை என்ன?

எட்டாம்கட்டை
அக்கா, இதை எழுத இரண்டு நாள் ஆனது.

முடிவெடுத்தவள் அவள். வாயால் சொல்லவில்லை. நான் வருவதற்கு முந்தைய ஆறு மாதமாக அவள் என்னோடு சாப்பிடவில்லை. சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு அறைக்குப் போய்விடுவாள். சம்பளத்தைக் கொடுத்தால் மேசையில் வைக்கச் சொல்வாள். மகளின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு நான் போனது தெரிந்ததும், அடுத்த கூட்டத்தின் திகதியை என்னிடம் சொல்லவில்லை. ஒரு நாள் என் உடுப்புகள் எல்லாம் அலுமாரியிலிருந்து வெளி விறாந்தைக் கட்டிலில் மடித்து வைக்கப்பட்டிருந்தன. மிக அழகாக மடித்திருந்தாள். அதைத்தான் இரண்டு பையில் போட்டேன்.

எனவே நான் விடப்பட்டவன். ஆனால் ஊருக்கும் நீதிமன்றத்துக்கும் நான் விட்டவன்.

பூவரசு
நீங்கள் சொல்லும் இந்த நிலைக்கு அந்த அத்தியாயத்திலேயே இடம் இருக்கிறது, இன்னும் சில பக்கங்கள் தள்ளி. விடப்பட்டவர்களில் ஒரு வகையை ஃபிஷர் காட்டுகிறார். அவருக்கும் வெளியேற ஆசை, ஆனால் முடிவின் பொறுப்பை ஏற்கத் தைரியம் இல்லை. அதனால் மற்றவர் தாங்க முடியாமல் போகும்வரை வாழ்க்கையைக் கசப்பாக்குவார். கடைசியில் கதவைத் திறந்து வெளியே போவது அந்த மற்றவர்.

இதைச் சொல்லும்போதே ஒரு எச்சரிக்கை. இந்தப் பக்கத்தைப் படித்ததும் “பார்த்தீர்களா, புத்தகமே அவளைத்தான் சொல்கிறது” என்று எழுந்து உட்காராதவர் என் குழுவில் ஒருவரும் இல்லை. என் இரண்டாவது குழுவில் கணவனும் மனைவியும் வேறு வேறு நாளில் வந்து, ஒரே பக்கத்தைக் காட்டி, ஒருவரை ஒருவர் அப்படிச் சொன்னார்கள். இருவரும் பொய் சொல்லவில்லை. மேசையில் காசை வைக்கச் சொன்ன அந்த ஆறு மாதத்துக்கு முந்தைய வருடம் எப்படி இருந்தது என்று உங்கள் மனைவியிடம் கேட்டால் அவரிடமும் மடித்து வைத்த ஏதாவது ஒன்று இருக்கும்.

பேனாக்கட்டை
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அக்கா சொன்னதைப் படித்து ஆச்சரியப்பட்டேன், ஏனென்றால் சட்டத்திலும் இதே பிரிவு இருக்கிறது. வெளியேறியவர்தான் கைவிட்டவர் என்று சட்டம் சொல்வதில்லை. வீட்டில் இருந்துகொண்டே மற்றவர் வாழ முடியாதபடி செய்து அவரை வெளியேற வைத்தால், இருந்தவர்தான் கைவிட்டவர் என்று வாதிடலாம். தம்பியின் சட்டத்தரணி மறுமொழியில் அதை எழுதக்கூடும். எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எழுதினால் வழக்கு விளக்கத்துக்குப் போகும், தவணை தவணையாக நீளும், அந்த மடித்த உடுப்பைப் பற்றி அந்நியர் முன்னால் நின்று சொல்ல வேண்டும், மறுபக்கமும் சொல்லும். எதிர்க்காமல் விட்டால் சீக்கிரம் முடியும், ஆனால் கோப்பில் அந்த வரி நிற்கும். தீர்ப்பாணை வந்தாலும் அது உடனே முடிவானதல்ல, மூன்று மாதம் கழித்துத்தான் உறுதியாகும். பிள்ளையின் பொறுப்பும் பராமரிப்பும் எப்படி எழுதப்படுகிறது என்பதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். இதற்கு மேல் உங்கள் சட்டத்தரணியைக் கேளுங்கள்.

மல்லிகைப்பந்தல்
சாய்ந்தமருதிலிருந்து. எல்லோரும் நல்ல மாதிரி எழுதுகிறீர்கள், ஆனால் எனக்கு ஒரு கேள்வி. பழி போடாமல் மீள்வது என்பது யாருக்கு வசதியான பேச்சு?

நான் காதி நீதிமன்றத்தில் பஸஹ் என்ற விவாகரத்தை வாங்கியவள். அதில் கணவருடைய குற்றத்தை நான் நிரூபிக்க வேண்டியிருந்தது. காதியாரும் மூன்று ஆண்களும் உட்கார்ந்திருக்க, என் கையில் அவர் என்ன செய்தார் என்பதைச் சொன்னேன். அதைச் சொன்ன அன்றுதான் எனக்கு மூச்சு வந்தது. அதற்கு முன் நான்கு வருடம் “இரண்டு கையும் சேர்ந்தால்தான் ஓசை” என்று உம்மாவே சொன்னார். இப்போது ஒரு ஆங்கிலப் புத்தகமும் அதையே நாகரிகமாகச் சொன்னால் நான் எங்கே போவது? இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தோழி ‘கான்ஷியஸ் அன்கப்ளிங்’ என்ற புத்தகத்தைத் தந்தாள். நடந்ததில் என் பங்கு என்ன என்று பார்க்கச் சொல்லும் இடத்தில் மூடி வைத்தேன்.

எட்டாம்கட்டை நானாவின் கதை வேறு, அதை மதிக்கிறேன். எல்லாக் கதைக்கும் ஒரே புத்தகம் போடாதீர்கள்.

தம்பிலுவில் மாமா
பிள்ளை, உங்கள் கதையைப் படித்த பிறகு நான் முதலில் எழுதியது கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. சேர்த்து வைக்கும் பேச்சு எல்லா வீட்டுக்கும் பொருந்தாது.

பூவரசு
மல்லிகைப்பந்தல், நீங்கள் மூடி வைத்தது சரிதான். அடி விழுந்த வீட்டில் இருந்து வந்தவருக்கு முதல் ஆண்டில் நான் அந்தப் புத்தகத்தையும் கொடுக்க மாட்டேன், ஃபிஷரையும் கொடுக்க மாட்டேன். கான்ஸ்டன்ஸ் ஆரன்ஸ் 1994இல் எழுதிய ‘த குட் டிவோர்ஸ்’ நல்ல புத்தகம். பிரிந்த பெற்றோரை ஐந்து வகையாகப் பார்க்கிறார். நண்பர்களாக இருப்பவர், ஒரே அலுவலகத்தில் வேலை செய்பவர்களைப் போல ஒத்துழைப்பவர், கோபத்தோடு ஒத்துப்போபவர், எரிந்து விழும் எதிரிகள், தொடர்பே அறுந்தவர்கள். பிள்ளைக்காக இரண்டாவது நிலைக்கு வந்தால் போதும் என்பது எட்டாம்கட்டைக்கு உதவும். உங்களுக்கோ ஐந்தாவது நிலையே பாதுகாப்பாக இருக்கலாம்.

உங்கள் கேள்விக்கு எனக்குப் பிடித்த விடை ஃபிரெட் லஸ்கினிடம் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் மன்னிப்பைப் பற்றி ஆராய்ந்தவர், வட அயர்லாந்தில் வன்முறைக்குப் பிள்ளைகளைப் பலி கொடுத்த தாய்மாரோடும் வேலை செய்தவர். 2002இல் வந்த ‘ஃபர்கிவ் ஃபார் குட்’ அவருடையது. மன்னிப்பது என்றால் நடந்ததைச் சரி என்பதல்ல, திரும்பச் சேர்வதும் அல்ல, மறப்பதும் அல்ல என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். குற்றம் குற்றம்தான். அது நம் தலைக்குள் வாடகை கொடுக்காமல் எத்தனை அறையில் குடியிருக்கிறது என்பதுதான் அவர் கேள்வி.

அவருடைய ஒரு கருவியை எட்டாம்கட்டையின் கதையில் வைத்துக் காட்டுகிறேன். நம்மால் நிறைவேற்ற வைக்க முடியாத விதிகளை நாம் மனத்துக்குள் எழுதி வைத்திருக்கிறோம் என்கிறார் அவர். வாகனங்களுக்கு விதி போடலாம், பிடிக்கப் பொலிஸ் உண்டு. இன்னொருவருடைய மனத்துக்கு விதி போட்டால் பிடிக்க ஆள் இல்லை. மீறப்படும்போதெல்லாம் நாம்தான் எரிகிறோம். தம்பி, உங்கள் விதி என்ன என்று ஒரு வரியில் எழுதுங்கள், பார்க்கலாம்.

எட்டாம்கட்டை
“முடிவெடுத்தவள் அதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். கடுதாசியிலும் உண்மையைத்தான் எழுத வேண்டும்.”

பூவரசு
இரண்டு விதி இருக்கிறது. முதலாவது நடந்து முடிந்த காலத்துக்கானது. பதினான்கு மாதத்துக்கு முந்தைய ஒரு நாளுக்கு இன்று விதி போடுகிறீர்கள். “சொல்லியிருக்க வேண்டும்” என்பதை எடுத்துவிட்டு “சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், எனக்கு அது தேவையாக இருந்தது, கிடைக்கவில்லை” என்று எழுதிப் பாருங்கள். கோபம் குறையும், துக்கம் கூடும். பலர் அந்த இடத்தில் பயந்து மறுபடி கோபத்துக்கே ஓடுகிறார்கள், ஏனென்றால் கோபம் தாங்க எளிது. துக்கம் கூடினால் வேலை நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது விதி கடுதாசியைப் பற்றியது. இதில் உங்கள் சண்டை அவரோடு அல்ல, 1907ஆம் ஆண்டோடு. பேனாக்கட்டை ஐயா சொன்னது போல, பழியை எழுதாமல் பிரிய வழி வைக்காத சட்டம் அது. இந்தப் புத்தகங்களை எழுதியவர்களின் நாட்டில், கலிஃபோர்னியா மாநிலத்தில் 1970இலிருந்தே குற்றம் காட்டாமல் விவாகரத்து வாங்கலாம். பழி இல்லாத கடுதாசியை அவர்கள் கையில் வைத்துக்கொண்டு பழி இல்லாத மனத்தைப் பற்றி எழுதுகிறார்கள். நமக்கு முறைப்பாடு ஒரு மொழி, மனம் ஒரு மொழி. இரண்டையும் ஒரே கையால் எழுத வேண்டியிருக்கிறது.

மல்லிகைப்பந்தல்
“நன்றாக இருந்திருக்கும்” என்று என்னால் எழுத முடியவில்லை அக்கா. அவர் அடித்திருக்கக் கூடாது. அது விதிதான், நான் மாற்ற மாட்டேன். ஆனால் “அவர் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும்” என்று ஒன்று வைத்திருந்தேன். நேற்று அதை எழுதிப் பார்த்தேன். அந்த ஒன்றை மாற்றலாமோ என்று தோன்றுகிறது. பார்ப்போம்.

கடலோரக் கணக்கு
நான் சொன்ன எழுத்துப் பயிற்சியை ஒருவரும் கவனிக்கவில்லை. அக்காவும் எழுதத்தானே சொல்கிறார்?

எட்டாம்கட்டை
தம்பி, நான் கவனித்தேன். நீங்கள் சொன்ன அன்றே ஒரு கொப்பி வாங்கினேன். நாற்பது பக்கம் எழுதிவிட்டேன். நான்கு நாளில் நிறுத்தவில்லை, மூன்று வாரம் ஆயிற்று. இரவு பதினொரு மணிக்குத் தொடங்கினால் ஒரு மணி. தூக்கம் போய்விட்டது. உண்மையைச் சொன்னால் முன்பைவிட மோசமாக இருக்கிறது. நான் செய்த விதம் பிழை என்று நினைத்தேன்.

பூவரசு
தம்பி எட்டாம்கட்டை, அந்தக் கொப்பியை இன்றே மூடுங்கள். பிழை உங்களுடையது அல்ல.

கடலோரக் கணக்கு, நீங்கள் சொன்னது பொதுவாகச் சரி. பென்னிபேக்கரின் முறை பலருக்கு உதவியிருக்கிறது. ஆனால் பிரிந்தவர்களிடம் இதைத் தனியாகச் சோதித்திருக்கிறார்கள். டேவிட் ஸ்பாராவும் கூட்டாளிகளும் 2013இல் வெளியிட்ட ஆய்வு. அண்மையில் பிரிந்த 90 பேர். சிலர் பிரிவைப் பற்றி மனத்தைத் திறந்து எழுதினார்கள், சிலர் அதையே ஆரம்பம், நடு, முடிவு உள்ள கதையாக எழுதினார்கள், சிலர் அன்றாடம் என்ன செய்கிறோம் என்பதை மட்டும் உணர்ச்சி கலக்காமல் எழுதினார்கள். ஒரே விடயத்தை மனத்துக்குள் அரைத்துக்கொண்டே இருக்கும் சுபாவம் உள்ளவர்களுக்குச் சில மாதம் கழித்துப் பார்த்தபோது, உணர்ச்சியைக் கொட்டிய எழுத்து இடையூறாகத்தான் இருந்தது. அவர்களில் நன்றாக இருந்தவர்கள், அன்றாடத்தை மட்டும் எழுதியவர்கள். ஆய்வாளர்கள் ஒப்பீட்டுக்காகச் சும்மா கொடுத்த வேலை அது.

யார் அரைப்பவர் என்று எப்படித் தெரியும்? கொப்பியைப் பாருங்கள். ஒரே சம்பவம் எத்தனை பக்கத்தில் வருகிறது? “ஏன்” என்று தொடங்கும் வரிகள் எத்தனை? இரண்டாம் வாரத்தில் எழுதியதில் முதல் வாரத்தில் இல்லாத ஒன்றாவது இருக்கிறதா? இல்லை என்றால் அது ஆட்டுக்கல், வெறும் குழவிதான் சுற்றுகிறது.

எட்டாம்கட்டை
எண்ணினேன். உடுப்பு மடித்த கதை பதினேழு தரம்.

கடலோரக் கணக்கு
அண்ணன், மன்னித்துக்கொள்ளுங்கள். எனக்கு வேலை செய்தது எல்லோருக்கும் செய்யும் என்று நினைத்துவிட்டேன். ஆனால் 90 பேர் ஒரு சிறிய ஆய்வுதானே அக்கா? அதை வைத்து ஒருவரும் எழுதக் கூடாது என்று சொல்ல முடியாது.

பூவரசு
சொல்லவில்லை. சிறிய ஆய்வுதான், அமெரிக்காவில் செய்ததுதான். நாற்பது பக்கமும் போன தூக்கமும் இல்லாவிட்டால் நானும் இதை இவ்வளவு அழுத்திச் சொல்லியிருக்க மாட்டேன். எட்டாம்கட்டை, அதே கொப்பியின் பின்பக்கத்தில் இருந்து தொடங்குங்கள். பத்து நிமிடம், இரவில் வேண்டாம், மாலையில். என்ன செய்தேன் என்பது மட்டும். “ஏன்” என்ற சொல்லுக்குத் தடை. லஸ்கினின் விதி வேலையைக் கிழமைக்கு ஒரு தரம், ஒரு வரி, அவ்வளவுதான்.

எட்டாம்கட்டை
ஐந்து கிழமை கழித்து எழுதுகிறேன். ஒரு நாளை அப்படியே தருகிறேன், சிரிக்காதீர்கள்.

“5.20க்கு எழும்பினேன். தங்கை இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தாள், தேங்காய் துருவிக் கொடுத்தேன். 6.30 பஸ். ஆலையில் 212 மூட்டை வந்தது, ஈரம் கூடியது 31, திருப்பி அனுப்பினோம். மத்தியானம் சோறு, கீரை, வெட்டுமீன். 5.45க்குப் பழைய பாலத்தில் நடந்தேன். வாவியில் வலை இழுத்தார்கள். மகளுக்கு அழைப்பு, எட்டு நிமிடம். பின்னக் கணக்கில் சந்தேகம் கேட்டாள்.”

முதல் இரண்டு கிழமை எரிச்சலாக இருந்தது, இதை எழுதி என்ன என்று. மூன்றாவது கிழமை ஒரு மாலை, அன்று முழுவதும் பதில் எழுதவில்லை என்று கவனித்தேன், மனத்துக்குள். மூட்டைக் கணக்கு மூட்டைக் கணக்காகவே இருந்தது. மறுநாள் திரும்ப வந்துவிட்டது. ஆனால் ஒரு நாள் போனது.

ஃபிஷரில் தனிமை அத்தியாயம் மட்டும் எனக்குப் பொருந்தவில்லை. வெற்று வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பவருக்கு எழுதியிருக்கிறார். தங்கையின் வீட்டில் ஏழு பேர். எனக்குத் தனியாக இருக்க இடம் இல்லாததுதான் பிரச்சினை. அதனால்தான் பாலம்.

மறுமொழியைப் பற்றி: எதிர்க்கவில்லை. பிள்ளையைப் பார்க்கும் நாட்களையும் பராமரிப்புப் பணத்தையும் மட்டும் எழுத்தில் கேட்கச் சொல்லியிருக்கிறேன். என் அத்தான் இன்னும் கதைக்கவில்லை, நான் கோழை என்று.

பேனாக்கட்டை
எதிர்க்காமல் விட்டதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை தம்பி. அந்த வரி கோப்பில் என்றைக்கும் இருக்கும். நாளை பிள்ளை வளர்ந்து எடுத்துப் பார்த்தால் என்ன சொல்வீர்கள்?

எட்டாம்கட்டை
அதையும் யோசித்தேன் ஐயா. விடை கிடைக்கவில்லை. தவணை 17ஆம் திகதி. அதுவரை ஃபிஷரின் கோப அத்தியாயத்தை மறுபடி திறப்பதில்லை என்று வைத்திருக்கிறேன்.

மல்லிகைப்பந்தல்
நானா, 17ஆம் திகதி போய் வந்து அந்தக் கொப்பியில் என்ன எழுதினீர்கள் என்று மட்டும் இங்கே போடுங்கள். அக்கா, லஸ்கினின் புத்தகம் அச்சில் உங்களிடம் இருக்கிறதா? கைபேசியில் படித்தால் என் கண் நோகிறது. அக்கரைப்பற்று பஸ்ஸில் கொடுத்துவிட்டால் நான் வந்து வாங்கிக்கொள்வேன்.

பூவரசு
இருக்கிறது. ஓரத்தில் நிறையப் பென்சில் கோடு இருக்கும், பரவாயில்லையா?